தே அமோ எழுதியவனும் கேரோ-தே எழுதியவனும்

மனிதவளத் துறை என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சேர்ந்தபோது அதற்குப் பெயர் பர்சனல் டிபார்ட்மெண்ட். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். யாரோ ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்வார். எது பொய் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். யாரையும் நம்பாதீர்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். கடலூர் சிப்காட்டில் இருபத்தெட்டு வருடம் யாரையும் நம்பாமல்தான் வேலை பார்த்தேன், சம்பளமும் வாங்கினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே ஒரு தடவை, நம்பக் கூடாத ஒன்றை நம்பிவிட்டேன். அதை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. எங்கள் கம்பெனி சாயப்பொருள் செய்து ஏற்றுமதி செய்தது. போர்ச்சுகீசியம் பேசும் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரேசிலில் தோல் பதனிடும் ஆலை. இன்னொருவர் போர்ச்சுகலின் வடக்கே துணி ஆலை. போர்ச்சுகல் ஆலைதான் பெரிய ஆர்டர்.

ஏற்றுமதிப் பிரிவில் தேன்மொழி என்று ஒரு பெண். சிதம்பரத்துக்காரி. தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அந்த ஒன்றரை மணி நேரப் பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, செல்போனிலேயே போர்ச்சுகீசியம் படித்தாள். கம்பெனி ஒரு பைசா செலவு செய்யவில்லை. இரண்டு வருடத்தில் அந்த இரண்டு ஆலைகளோடும் அவர்கள் மொழியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டாள். அதுவே சில பேருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. உள்ளே தேன்மொழியின் கம்ப்யூட்டர் திரையைப் பின்னாலிருந்து எடுத்த போட்டோ. பிரேசில் ஆலையின் ரஃபேல் அவளுக்கு எழுதிய ஒரு வரி. ‘தே அமோ, தேன்!’ அதாவது ‘ஐ லவ் யூ, தேன்!’ கீழே தமிழில் கையெழுத்து இல்லாமல் எழுதியிருந்தது: இந்தப் பெண் வெள்ளைக்காரனைக் காதலித்துக்கொண்டு நம் விலைப்பட்டியலைக் கொடுக்கிறாள்.

ஜெனரல் மேனேஜருக்கும் அதே கடுதாசி போயிருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார். விசாரணை, குழு என்று இழுக்க வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். ‘எல்லோருக்கும்’ என்ற வார்த்தையை மேலதிகாரி சொன்னால் அதில் ஒருவர் கணக்கில் இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். இருந்தும் தலையை ஆட்டினேன்.

போட்டோவை நான் முதலில் சந்தேகப்பட்டேன் என்று நீங்கள் நினைத்தால், இல்லை. அந்த போட்டோவில் ரஃபேலின் வரிக்கு மேலே என்ன இருந்தது என்று பார்க்கவே முடியாதபடி வெட்டியிருந்தது. வெட்டிய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டாத பெண்ணைச் சந்தேகப்பட்டேன்.

தேன்மொழியைக் கூப்பிட்டு, கம்பெனி சம்பந்தப்பட்ட எல்லா மெசேஜையும் காட்டச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் காட்டினாள். அவ்வளவு சீக்கிரம் காட்டுகிறாளே, ஏற்கெனவே அழித்திருப்பாள் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

இரண்டு ஆண்கள் எழுதியிருந்தார்கள். ஒருவன் ரஃபேல். இன்னொருவர் போர்ச்சுகல் ஆலையின் கொள்முதல் தலைவர், துவார்த்தே. ரஃபேலின் மெசேஜ்களில் ‘தே அமோ’வை மட்டும் தேடினேன், ஏழெட்டு இடத்தில் இருந்தது. துவார்த்தேயிடம் அந்த வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. அவர் எழுதியது வேறு. ‘கேரோ-தே கா எம் மாயோ’ என்று ஒன்று. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் செயலியில் போட்டேன். மே மாதம் நீ இங்கே வர வேண்டும் என்று வந்தது. அந்த ஆலையில் பயிற்சிக்கு நம் ஆள் ஒருவர் போவதாகப் பேச்சு இருந்தது. சரி, வேலை விஷயம். அதற்குப் பிறகு இரண்டு முறை வெறும் ‘கேரோ-தே’ என்று மட்டும். செயலி ‘எனக்கு நீ வேண்டும்’ என்றது. பயிற்சிக்கு வேண்டும் போல என்று தள்ளிவிட்டேன்.

“மேடம், ரஃபேல் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவான். அவன் பிரச்சன இல்ல. நீங்க துவார்த்தே எழுதுனத பாருங்க” என்றாள் தேன்மொழி.

எனக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாட்டிக்கொண்டவள் திசை திருப்புகிறாள் என்று தோன்றியது. அதுவும் பெரிய ஆர்டர் கொடுப்பவர் மேல் கையைக் காட்டினால் கம்பெனி பயந்துவிடும் என்று கணக்குப் போடுகிறாள் என்று தோன்றியது. விசாரணையில் இப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறையப் பார்த்ததுதான் தொந்தரவு. புதிதாக வருகிறவளும் பழையவள் மாதிரியே தெரிவாள்.

இருந்தாலும் செயலியை மட்டும் நம்பக் கூடாது என்று அன்று மாலை கூத்தப்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டுக்காரர் முப்பது வருடம் கப்பலில் ஓடியவர். தென் அமெரிக்கத் துறைமுகம் ஒன்று விடாமல் போனவர். ஸ்பானிஷ் தண்ணி மாதிரி பேசுவார்.

“மாமா, போர்ச்சுகீஸ் தெரியுமா?”

“ஸ்பானிஷ் தெரிஞ்சா அதுவும் தெரிஞ்ச மாரிதாம்மா. கடலூர்த் தமிழு, திருநெல்வேலித் தமிழு மாரி.”

‘தே அமோ’, ‘கேரோ-தே’ இரண்டையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ‘கேரோ-தே’தான் ஸ்பானிஷில் ‘தே கியெரோ’, அது பாசமாகச் சொல்வது, பெற்ற அம்மாவுக்குச் சொல்லலாம், கூடப் பிறந்தவனுக்குச் சொல்லலாம் என்றார். ‘தே அமோ’ அப்படி இல்லை. அது கனமான வார்த்தை. கட்டிக்கப் போறவளுக்கும் கட்டினவளுக்கும்தான்.

“கேரோ எழுதுனவன் நல்லவன். அமோ எழுதுனவன புடி” என்றார்.

ஸ்பானிஷைப் பற்றி மாமா சொன்னதில் தப்பே இல்லை. அதைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தப்பு, ஸ்பானிஷ் ஏணியை எடுத்துப் பக்கத்து வீட்டுப் போர்ச்சுகீசியச் சுவரில் சாய்த்தது. அதைச் செய்தது நாங்கள் இரண்டு பேரும்.

மறுநாள் தேன்மொழியை உட்கார வைத்து, ‘வாடிக்கையாளர் நிறுவன ஊழியருடன் முறையற்ற நெருக்கம் வைத்திருந்தேன்’ என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கினேன். எழுதினால் விலைப்பட்டியல் குற்றச்சாட்டைக் கைவிடுவோம், எழுதாவிட்டால் போலீஸ் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவள் கையெழுத்துப் போட்டாள். அழவில்லை. அழாததையும் நான் அவளுக்கு எதிராகத்தான் குறித்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குள் கேண்டீன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்த மேஜையிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். ஒருவன் பின்னாலிருந்து “தே அமோ” என்று ராகம் போட்டான். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்திலிருந்து அதே பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் கம்பெனியில் ஒன்பது பேர். கணக்கு உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அடுத்தது பெண்கள் புகார்க் குழுவின் கையெழுத்து. விசாரணை இல்லாவிட்டாலும் கோப்பில் அது இருந்தால்தான் எனக்குப் பாதுகாப்பு. குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் வெளியாள் சிதம்பரத்தில் வழக்கறிஞராக இருந்த ஒரு அம்மா. பொதுவாக நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்துத்தான் அவரை வைத்திருந்தோம். புதன்கிழமை போனில் விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவுக்கும் மொழிபெயர்ப்பு யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன்.

“உங்க மாமா எந்தக் கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளரு?” என்றார். “நாளைக்கு இங்க வாங்க. எங்க வீட்டு மாடியில பரதநாட்டியம் கத்துக்க வந்த ரெண்டு பொண்ணுங்க குடியிருக்குதுங்க. ஒண்ணு பிரேசிலு, ஒண்ணு போர்ச்சுகலு. அதுங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் என்கிட்ட கையெழுத்து கேளுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுக்கக் காரணம் இல்லை.

விசாரணையில் நான் எப்போதும் செய்யும் ஒன்று உண்டு. சாட்சிகளைச் சேர்த்து வைத்துக் கேட்க மாட்டேன். சாட்சிக்குப் பெயரும் காட்ட மாட்டேன். இரண்டு பேரின் வாக்கியங்களையும் பெயர், தேதி இல்லாமல் தனித்தனித் துண்டுச் சீட்டில் நானே பார்த்து எழுதினேன். வியாழக்கிழமை காலை சிதம்பரம் தெற்கு வீதியில் அந்த வீட்டுக்குப் போனேன். ஒருத்தியை மாடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இன்னொருத்தியை மட்டும் கீழே கூப்பிட்டேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

முதலில் வந்தது பிரேசில் பெண், லூசியானா. ‘தே அமோ, தேன்!’ சீட்டைக் கொடுத்தேன். சிரித்தாள். இதைச் சொல்லாமல் எங்கள் ஊரில் ஒரு நாள் போகாது என்றாள். தோழிக்குச் சொல்வோம், அம்மாவுக்குச் சொல்வோம், அண்ணனுக்குச் சொல்வோம், ஆண்கள் ஆண்களுக்கே சொல்வார்கள், வேலையில் யாராவது கழுத்தளவு பிரச்சினையிலிருந்து காப்பாற்றினால் அவர்களுக்கும் சொல்வோம். அவர்கள் ஊரில் அதை ‘ச்சி அமு’ என்பது போல உச்சரித்தாள். இன்று காலை எதிர்க் கடைக்காரர் சர்க்கரை இல்லாமல் காபி கொடுத்ததற்கு அவரிடம் சொன்னதாகச் சொன்னாள்.

“அவரு என்ன சொன்னாரு?” என்றார் வழக்கறிஞர் அம்மா.

அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டாராம். ‘ச்சி’ என்று காதில் விழுந்தால் பின்னே!

அப்படியென்றால் அது காதல் இல்லவே இல்லையா என்று கேட்டேன். லூசியானா சிரிப்பை நிறுத்தினாள். காதலனுக்கும் அதே வார்த்தைதான் என்றாள். வேறு வார்த்தை கிடையாது. அதனால் வார்த்தையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதே ஆள் வேறு யார் யாருக்கு அதைச் சொல்கிறான், நாலு பேர் முன்னால் சொல்கிறானா, எதற்காகச் சொன்னான் என்று பார்க்க வேண்டும் என்றாள். இதை ஒரு நாட்டியம் படிக்க வந்த பெண் என்னிடம் சொன்னாள். என் வேலையை எனக்கு.

அவளை அனுப்பிவிட்டு போர்ச்சுகல் பெண்ணைக் கூப்பிட்டேன். பெயர் இனேஸ். அதே சீட்டைக் கொடுத்தேன். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இது எங்கள் ஊர் ஆள் எழுதியது இல்லை என்றாள்.

எப்படித் தெரியும்?

எங்கள் ஊரில் ‘அமோ-தே’ என்று ‘தே’யைப் பின்னால் போடுவோம், பேச்சை ‘தே’யில் ஆரம்பிப்பது பிரேசில் பழக்கம் என்றாள். அதோடு, எங்கள் ஊரில் ஒருவர் எனக்கு ‘அமோ-தே’ என்று எழுதினால் நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுவேன் என்றாள். அவ்வளவு கனம். அவள் பிறந்ததிலிருந்து அவள் அம்மா ஒரு முறைகூட அவளிடம் அதைச் சொன்னதில்லையாம். ‘கோஸ்தோ முயிதோ தே தி’ என்பாராம். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவ்வளவுதான். கூடுதலாகப் பாசம் வந்தால் ‘அதோரோ-தே’. இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் தோழிகளுக்குக்கூட ‘அமோ-தே’ எழுதுகிறார்கள், பிரேசில் பாட்டும் வீடியோவும் பார்த்து வந்த பழக்கம் என்று முகத்தைச் சுளித்தாள்.

ஒரே வாக்கியம். ஒருத்தி காபிக்குச் சொல்கிறாள். ஒருத்தி உட்காரும் அளவுக்கு அதிர்கிறாள். இரண்டு சாட்சி இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பொய் என்பது என் பழக்கம். தேன்மொழி முன்கூட்டியே லூசியானாவைப் பார்த்துப் பேசியிருப்பாளோ என்று நினைத்தேன். ஒரே ஊர்தானே. இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தேன், மோதட்டும் என்று. மோதினார்கள். ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. நீங்கள் எல்லாம் மரக்கட்டை என்றாள் லூசியானா. நீங்கள் வார்த்தையைத் தெருவில் கொட்டுகிறவர்கள் என்றாள் இனேஸ். பல நாளாக நடக்கும் சண்டை என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அப்போதுதான் இரண்டாவது சீட்டை மேஜையில் வைத்தேன். ‘கேரோ-தே கா எம் மாயோ.’

சாதாரணமானது என்றாள் இனேஸ். மே மாதம் நீ இங்கே இருக்க வேண்டும் என்கிறான். முதலாளி வேலையாளுக்குச் சொல்லலாம், அம்மா மகளுக்குச் சொல்லலாம்.

மூன்றாவது சீட்டை வைத்தேன். ‘கேரோ-தே.’

இனேஸ் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. இதற்குப் பிறகு வார்த்தை இருக்க வேண்டுமே என்றாள். ‘கா’ இருந்தால் இங்கே வா. ‘பெம்’ இருந்தால், ‘கேரோ-தே பெம்’, அது உன் மேல் பாசம், நீ நல்லா இருக்கணும்; கிழவிகூடச் சொல்வாள். நீங்கள் எழுத விட்டுவிட்டீர்களா?

இல்லை, அவ்வளவுதான் இருந்தது என்றேன்.

“அவ்வளவுதானா?”

சீட்டைக் குப்புற வைத்தாள். லூசியானா அதை நிமிர்த்திப் பார்த்தாள். எங்கள் ஊரில் ‘தே கேரோ’ என்போம், வரிசைதான் மாறும், விஷயம் அதேதான் என்றாள். உன் உடம்பு எனக்கு வேண்டும். அம்மாவுக்கோ தோழிக்கோ யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். பாசத்தோடு குழப்பிக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை. உங்களுக்கு இது பாசம் என்று சொன்னது யார், ஸ்பானிஷ் பேசுகிறவர்களா என்று கேட்டாள். ஸ்பானிஷ் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் விழும் குழி இது என்றாள்.

வழக்கறிஞர் அம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அது பார்ப்பதைவிட மோசம்.

இனேஸ் இன்னொன்று கேட்டாள். இவர்கள் என்ன உறவு? வாங்குகிறவர், விற்கிறவர் என்றேன். ஆரம்பத்திலிருந்தே இப்படி ‘தே’ போட்டுத்தான் எழுதினானா? பிரேசிலில் ‘தே’ யாருக்கும் போடுவார்கள், எங்கள் ஊரில் வியாபாரத்தில் முன்பின் தெரியாத பெண்ணை அப்படி எழுத மாட்டோம், மரியாதையாகப் படர்க்கையில் எழுதுவோம். எப்போது மாறினான் என்று பாருங்கள் என்றாள்.

எனக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. நீங்க என்றவன் என்றைக்கு நீ என்றான்? தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் அந்தத் தேதி ஞாபகம் இருக்கும். செயலி இரண்டையும் ஒரே ஆங்கில வார்த்தையாக மாற்றிக் கொடுத்திருந்தது. அதில் நீங்களும் நீயும் ஒன்றுதானே.

மதியமே கடலூருக்குத் திரும்பினேன். மெசேஜ்களை முதலிலிருந்து மூலத்தில் பார்த்தேன். மொழி தெரியாது. ஆனால் இனேஸ் காட்டிக் கொடுத்த அடையாளம் போதும். துவார்த்தே பதினோரு மாதம் மரியாதையாக எழுதியிருந்தார். பயிற்சிக்குத் தேன்மொழியை அனுப்பலாம் என்று பேச்சு வந்த வாரம் ‘தே’ வந்தது. பிறகு ‘கா எம் மாயோ’. பிறகு, ஆலை மூடிய ஞாயிற்றுக்கிழமைகளில், வெறும் ‘கேரோ-தே’. அவள் பதில் ஒவ்வொன்றும் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஷிப்பிங் எண் மட்டும் அனுப்பியிருந்தாள். பயிற்சிக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று தன் மேலாளருக்கு அவளே எழுதிய மெயிலும் இருந்தது.

ரஃபேலின் ‘தே அமோ’வுக்கு மேலே என்ன இருந்தது தெரியுமா? சரக்கு ஆவணத்தில் ஒரு தவறைத் தேன்மொழி கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். சொல்லாவிட்டால் அவன் கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டியிருக்கும். பத்துப் பேர் இருக்கும் குழுவில் அவன் எழுதிய நன்றி அது. விலைப்பட்டியல் எந்த மெசேஜிலும் இல்லை. அதே குழுவில் எங்கள் குடோன் பொறுப்பாளருக்கும், ஐம்பத்தைந்து வயது ஆண், ‘தே அமோ’ போட்டிருந்தான். அவருக்கு யாரும் மொட்டைக் கடுதாசி எழுதவில்லை.

தேன்மொழியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். துவார்த்தே மேல் புகார் கொடுக்கிறாயா என்று கேட்டேன்.

“திங்கக்கெழமையே சொன்னேன் மேடம்.”

“ஆமா. சொன்ன.”

எழுதிக் கொடுத்தாள். அன்று மாலையே சிதம்பரம் போய் வழக்கறிஞர் அம்மாவிடம் அதில் கையெழுத்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை அதை ஜெனரல் மேனேஜரிடம் வைத்தேன். பெரிய ஆர்டர் என்று ஆரம்பித்தார். குழுவின் வெளியாள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி இதை அமுக்கினால் உங்கள் பெயரும் என் பெயரும் சேர்ந்தே வரும் என்றேன். அவருக்குப் புரியும் மொழி அது. அந்த ஆலையின் தலைமைக்குக் கடிதம் போனது. அவர்கள் அந்த ஆளை எங்கள் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அதற்கு மேல் என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லை. நானும் நல்லதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. மொட்டைக் கடுதாசி எழுதியவனைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. மூன்று பேர் மேல் சந்தேகம் உண்டு. இன்றும் வழியில் பார்த்தால் பேச மாட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். சந்தேகப்படுவதை விடாதீர்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணைச் சந்தேகப்படுகிற அளவுக்கு, உங்களுக்கு ‘தெரிந்த’ விஷயத்தையும் சந்தேகப்படுங்கள். எனக்கு அன்று ஒரு மொழியும் தெரியாது. பக்கத்து மொழி தெரிந்த ஒருவரைத் தெரியும். அது தெரியாததைவிட ஆபத்து.

அந்த வெள்ளிக்கிழமையே அவளிடம் எழுதி வாங்கிய காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

“நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க மேடம்” என்றாள்.

எழுதினேன். ‘தேன்மொழி மேல் வந்த குற்றச்சாட்டு பொய். சரியாக விசாரிக்காமல் அவரை மிரட்டிக் கையெழுத்து வாங்கியது என் தவறு.’ துவார்த்தே விஷயம் ரகசியம் என்பதால் அதை எழுதவில்லை. கீழே கையெழுத்து, பதவி, முத்திரை எல்லாம் போட்டு நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

“என்கிட்ட எதுக்கு மேடம்? எனக்குத்தான் தெரியுமே. கேண்டீன் போர்டுல ஒட்டுங்க.”

நானே கொண்டுபோய் ஒட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரம். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் தேன்மொழி தட்டோடு வந்தாள். தானும் ஒரு தடவை நின்று முழுக்கப் படித்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு திங்கட்கிழமை வரை உட்கார்ந்துகொண்டிருந்த அதே மேஜையில், நடுவில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.